‘கூடாது’ அடுத்த வரிக்குப் போனால்: ஓர் எச்சரிக்கை லேபிளைத் திருத்தி எழுதுதல்

கேள்வி: கழிவுநீர்க் குழாயின் அடைப்பை நீக்கும் காரத் தூளைத் தயாரிக்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. டப்பாவின் பின்புறம் ஒரு பத்தி முழுக்க எச்சரிக்கை இருந்தும், ஒரு வாடிக்கையாளர் சுடுநீரை ஊற்றி, அது முகத்தில் தெறித்துக் காயப்பட்டார். லேபிளைச் சுருக்கமாகவும் அழுத்தமாகவும், பார்த்ததும் புரியும்படியும் எப்படி மாற்றி எழுதுவது? இப்போதுள்ள வாசகம் இது:

“முக்கிய அறிவிப்பு: இப்பொருள் காரத்தன்மை கொண்ட வேதிப்பொருளாகும். இதனைக் கையாளும்போது உரிய பாதுகாப்பு நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. கண்களில் பட்டால் எரிச்சலை ஏற்படுத்தக்கூடும். சுடுநீருடனோ பிற சுத்திகரிப்பான்களுடனோ சேர்த்துப் பயன்படுத்துவது பரிந்துரைக்கப்படவில்லை. கண்களில் பட்டுவிட்டால் உடனடியாக நீரினால் கழுவி மருத்துவரை அணுகவும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். தவறான பயன்பாட்டினால் ஏற்படும் சேதங்களுக்கு நிறுவனம் பொறுப்பாகாது.”

பதில்:

இந்த வாசகத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது டப்பாவைத் திறந்து குழாயின் மேல் குனிந்து நிற்கும் ஒருவருக்காக எழுதப்பட்டதும் இல்லை. ஏழு வாக்கியங்களில் நான்காவதாகத்தான் சுடுநீர் வருகிறது. அதுவும் ‘பரிந்துரைக்கப்படவில்லை’ என்ற சொல்லோடு முடிகிறது. மருந்துக் கடையில் ‘இதைப் பரிந்துரைக்கவில்லை’ என்றால் ‘வேறொன்று நல்லது’ என்று பொருள் கொள்ளும் நாம், இங்கே மட்டும் ‘ஊற்றினால் முகம் வெந்துவிடும்’ என்று பொருள் கொள்ள வேண்டும் என்பது வாசகரிடம் அதிகம் எதிர்பார்ப்பது.

சுருக்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சொற்களைத் தொடாமல், என்ன விபத்து நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதை உங்களுக்காகவே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தூளின் முக்கியப் பொருள் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, என்று எடுத்துக்கொள்கிறேன். அது நீரில் கரையும்போது தானே வெப்பத்தை வெளியிடும். 100 கிராம் தூள் 1 லிட்டர் நீரில் முழுவதும் கரைந்தால் அந்த நீர் ஏறத்தாழ 25 டிகிரி சூடேறும். 30 டிகிரியில் இருக்கும் குழாய்த் தண்ணீர் என்றால் 55 டிகிரி வரை போய் நின்றுவிடும். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய 80 டிகிரி வெந்நீர் என்றால் கொதிநிலையைத் தொட்டுவிடும். குழாயின் குறுகிய வாயில் தூள் அதிகமாகவும் நீர் குறைவாகவும் இருப்பதால், அங்கே சூடு இந்தக் கணக்கைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும். நீர் ஆவியாகி, கரைசலையும் தூக்கிக்கொண்டு மேலே சீறும். அடைப்பு கரைகிறதா என்று பார்ப்பதற்காக அதே நேரத்தில் முகம் குழாயின் மேல்தான் இருக்கும். ‘எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர்தான் நல்லது’ என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. எனவே உங்கள் வாடிக்கையாளர் கவனக்குறைவால் அப்படிச் செய்யவில்லை, நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். லேபிள் அந்த நல்ல எண்ணத்தை எதிர்த்து நிற்க வேண்டும்.

இரண்டாவது விபத்தும் இதே வகைதான். தூள் போட்டும் அடைப்பு போகவில்லை என்றால் அடுத்து ஆசிட் ஊற்றுவார்கள். அல்லது ஆசிட் ஊற்றிப் பார்த்துவிட்டுத் தூளைப் போடுவார்கள். அமிலமும் காரமும் சேரும்போதும் வெப்பம் பெருகிக் கரைசல் சீறும். மூன்றாவது, தூள் கண்ணிலோ தோலிலோ நேரடியாகப் படுவது. நான்காவது, குழந்தை விழுங்குவது. இவை தவிர அலுமினியப் பாத்திரத்தில் தூள் நீரோடு சேர்ந்தால் எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும் என்பதும் உண்மைதான். ஆனால் அது ‘பயன்படுத்தும் முறை’ என்ற பகுதியில் ‘பிளாஸ்டிக் கரண்டியால் அளக்கவும்’ என்று ஒரே வரியில் தீர்ந்துவிடும். அதை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தால் சுடுநீர் பின்னுக்குப் போகும். எதை முன்பக்கத்தில் எழுதாமல் விடுவது என்ற இந்த முடிவுதான் வேலையில் பாதி. அலுவலகத்தில் சண்டை வருவதும் இங்கேதான், ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் தாம் சேர்த்த வரி முக்கியமானது.

இனி சொல்லுக்கு வருவோம். தலைப்புச் சொல்லாக ‘முக்கிய அறிவிப்பு’ உதவாது. கட்டண உயர்வுக்கும் அதைத்தான் போடுகிறார்கள். அமெரிக்காவின் ஏஎன்எஸ்ஐ இசட்535 தரநிலையில் காயம் ஏற்படுத்தும் ஆபத்துகளுக்கு மூன்று படிகள் உண்டு. தவிர்க்காவிட்டால் மரணமோ கடுங்காயமோ நேரும் என்பதற்கு ஒரு சொல், நேரலாம் என்பதற்கு இன்னொன்று, சிறு காயம் நேரலாம் என்பதற்கு மூன்றாவது. வண்ணமும் முறையே சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். வேதிப்பொருள்களுக்கான ஐக்கிய நாடுகளின் ஜிஹெச்எஸ் முறையில் இரண்டு படிகள்தான். காஸ்டிக் சோடா அதில் மேல்படியில், அதாவது ‘அபாயம்’ என்ற படியில், வருகிறது. தமிழில் ‘அபாயம்’, ‘எச்சரிக்கை’, ‘கவனம்’ என்று மூன்றையும் வரிசைப்படுத்தி எழுதலாம்தான், ஆனால் படிப்பவர் மனத்தில் அந்த ஏணி இல்லை. ஆகவே சொல்லின் படியை நம்பாதீர்கள்; ‘அபாயம்’ என்று எழுதிவிட்டு, எவ்வளவு பெரிய அபாயம் என்பதை அடுத்த வரி சொல்லட்டும்.

அந்த அடுத்த வரியில் இப்போது ‘எரிச்சல்’ இருக்கிறது. அதை நீக்குங்கள். கண்ணில் சோப்பு பட்டாலும் எரிச்சல்தான், வெங்காயம் நறுக்கினாலும் எரிச்சல்தான். அந்தச் சொல் வாசகரின் பயத்தைத் தவறான அளவுக்கு இறக்கிவிடுகிறது. காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ‘ஏற்படுத்தக்கூடும்’ என்ற ஐயமும் இங்கே பொருந்தாது. ‘-லாம்’, ‘-கூடும்’ என்பவற்றை எல்லா இடத்திலும் அழித்துவிடச் சொல்லவில்லை. நிச்சயமாக நடப்பதையும் நடக்க வாய்ப்பிருப்பதையும் பிரித்து எழுதச் சொல்கிறேன். ‘கண்ணையும் தோலையும் அரிக்கும்’ என்பது நிச்சயம். ‘பார்வை போகலாம்’ என்பது வாய்ப்பு. முதலாவதை உறுதியாகச் சொன்ன பிறகு இரண்டாவதில் உள்ள ‘-லாம்’ யாரையும் ஏமாற்றாது.

இப்போது தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், மறுப்பு அந்த வினைக்கும் கடைசியில் வரும். ‘தூளின் மேல் சுடுநீரை ஊற்றக் கூடாது’ என்ற வாக்கியத்தில் தடை என்பது கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. அரைக் கண்ணால் பார்ப்பவர் ‘தூள்’, ‘சுடுநீர்’, ‘ஊற்ற’ என்ற மூன்றையும் பிடித்துக்கொண்டு நான்காவதை விட்டுவிட்டால், கட்டளை தலைகீழாகிவிடும். டப்பா சிறியதாக இருந்து ‘கூடாது’ அடுத்த வரிக்கு இறங்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். வடிவமைப்பவர் இடத்தை நிரப்பும் அவசரத்தில் வரியை எங்கே முறிக்கிறார் என்று பார்ப்பதில்லை. ‘ஊற்றக்’ என்று வரி முடிந்து, ‘கூடாது. குழந்தைகளுக்கு’ என்று அடுத்த வரி தொடங்கும் லேபிளை நானே அச்சகத்தில் கடைசி நேரத்தில் நிறுத்தியிருக்கிறேன். ‘ஊற்றாதீர்கள்’ என்று ஒரே சொல்லாக எழுதினால் வரி முறிவிலிருந்து தப்பலாம், ஆனால் மறுப்பு இன்னும் சொல்லின் நடுவில் ஓர் ‘ஆத்’ ஆக மறைந்துதான் கிடக்கிறது. மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்ட ஒருவருக்கு ‘ஊற்றுங்கள்’ என்பதும் ‘ஊற்றாதீர்கள்’ என்பதும் தூரத்தில் ஒரே நீளம்தான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எதைச் செய்ய வேண்டும் என்று நேராகச் சொல்வது: ‘பச்சைத் தண்ணீர் மட்டும்’. ‘குளிர்ந்த நீர்’ என்று எழுதினால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த நீரா என்ற குழப்பம் வருகிறது, ‘சாதாரண நீர்’ என்பது எதைக் குறிக்கிறது என்று யாருக்கும் உறுதியில்லை. சூடுபடுத்தாத தண்ணீருக்கு வீட்டில் வழங்கும் பெயர் பச்சைத் தண்ணீர்தான், எனவே லேபிளிலும் அதுவே இருக்கட்டும். மற்றொன்று, தடையை விளைவாக மாற்றுவது: ‘சுடுநீர் பட்டால் சீறித் தெறிக்கும்’. இதில் மறுப்பே இல்லை. பாதி படித்தாலும் ‘சுடுநீர்… தெறிக்கும்’ என்றுதான் கிடைக்கும். தவறாகப் படிக்கவும் வழியில்லை, ஏன் ஊற்றக் கூடாது என்ற காரணமும் உள்ளேயே இருக்கிறது. காரணம் தெரிந்தவர் மறுநாளும் நினைவில் வைத்திருப்பார்.

அழுத்தம் என்பதைக் கடுமையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மின்பெட்டியில் ‘தொடாதே’ என்று எழுதுவதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பணம் கொடுத்து வாங்கிய பொருளில் ‘திறக்காதே’ என்றால் முகம் சுளிப்பார்கள். லேபிளில் எல்லோருக்கும் பழகிய ‘-வும்’ என்ற விகுதி போதும். ‘கையுறை அணிந்து திறக்கவும்’ என்பதில் மரியாதையும் இருக்கிறது, கட்டளையும் இருக்கிறது. மென்மையாக்கிக் கெடுப்பவை ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’, ‘அறிவுறுத்தப்படுகிறது’, ‘மேற்கொள்ளுமாறு’ ஆகியவைதான். ‘உரிய பாதுகாப்பு நடவடிக்கைகள்’ என்பதும் அப்படியே. எது உரியது என்பது உங்களுக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரிந்தவர் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்து முன்பக்க வாசகம் இப்படி வரும்:

அபாயம்
கண்ணையும் தோலையும் அரிக்கும். பார்வை போகலாம்.
பச்சைத் தண்ணீர் மட்டும்.
சுடுநீரோ ஆசிடோ பட்டால் சீறித் தெறிக்கும்.

மூடியின் மேல், கை படும் இடத்திலேயே, ஒரு வரி: ‘ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து திறக்கவும்’. இதை முன்பக்கத்தில் வைப்பதைவிட மூடியில் வைப்பது நல்லது, ஏனென்றால் திறந்த பிறகு படித்துப் பயனில்லை. ‘கண்ணாடி’ என்று மட்டும் எழுதிப் பார்த்தபோது, ‘நான் எப்போதும் கண்ணாடி போட்டிருக்கிறேனே’ என்று ஒருவர் சொன்னார். பக்கவாட்டில் திறந்திருக்கும் மூக்குக் கண்ணாடி தெறிப்பைத் தடுக்காது. ‘கையுறை’ என்று மட்டும் எழுதினால் துணிக் கையுறையும் அதில் அடங்கும். அது கரைசலை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைத்துக்கொள்ளும். சுருக்கத்துக்காகக்கூட விட முடியாத சொற்கள் இவை.

முதலுதவி பின்பக்கத்தில் இருக்கலாம், ஏனென்றால் அது வேறொரு நேரத்தில், பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் இன்னொருவரால், படிக்கப்படுவது. ஆனால் அதைத் தேடாமல் காண, ஒவ்வொரு வரியும் விபத்தின் பெயரோடு தொடங்க வேண்டும்:

கண்ணில் பட்டால்: ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவவும். பிறகு மருத்துவமனை.
தோலில் பட்டால்: தூளை உதறவும். வழுவழுப்பு போகும்வரை கழுவவும்.
விழுங்கினால்: வாய் கொப்பளிக்கவும். வாந்தி வேண்டாம். உடனே மருத்துவமனை.
டப்பாவையும் எடுத்துச் செல்லவும்.

இதில் ‘20 நிமிடம்’ என்பதை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். ‘உடனடியாகக் கழுவி மருத்துவரை அணுகவும்’ என்று படிப்பவர் இரண்டு கை நீரை முகத்தில் அடித்துவிட்டு வண்டியைத் தேடி ஓடுவார். கண்ணுக்குள் இருக்கும் காரம் வழியெல்லாம் அரித்துக்கொண்டே வரும். எண் இருந்தால் அவர் குழாயடியில் நிற்பார். ‘வழுவழுப்பு’ என்ற சொல்லும் காரணத்தோடுதான் இருக்கிறது: காரம் தோலில் பட்டவுடன் பல சமயம் வலிப்பதில்லை, சோப்பு பட்டதுபோல வழுக்கும். அதனால்தான் ‘ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். அந்த வழுக்கலே காரம் இன்னும் தோலில் இருப்பதற்கான அடையாளம். ‘வாந்தி வேண்டாம்’ என்பதில் மட்டும் மறுப்பைத் தவிர்க்க எனக்கு வழி தெரியவில்லை. உள்ளே போகும்போது சுட்ட பொருள் மேலே வரும்போதும் சுடும் என்பதால் அதை விடவும் முடியாது. எனவே அதை இரண்டே சொற்களாக்கி, நடுவில் வரி முறியாதபடி பூட்டி வையுங்கள்.

எழுத்தின் அளவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: நல்ல வெளிச்சத்தில், படிக்கும் தூரத்தில் 150-இல் ஒரு பங்கு உயரம். கையில் பிடித்த டப்பா கண்ணிலிருந்து 45 செ.மீ. தூரம் என்றால் 3 மி.மீ. தமிழுக்கு இதைக் குறைந்தபட்சமாகக் கொண்டு, கழுவுமிடங்களில் வெளிச்சம் குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். நம் எழுத்தின் சுழிகள் சிறிய அளவில் மை நிறைந்து அடைந்துவிடும், புள்ளிகள் காணாமல் போகும். சிவப்புப் பட்டையின் மேல் வெள்ளை எழுத்து என்ற அமைப்பை ‘அபாயம்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை வெள்ளையின் மேல் கறுப்பில் அச்சிடுங்கள். உருளை டப்பாவில் கட்டம் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வரியின் முனை வளைவுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். வினைச்சொல் இருப்பது அந்த முனையில்தான் என்பதை மறக்க வேண்டாம்.

படத்தை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். சோதனைக் குழாயிலிருந்து சொட்டும் திரவம் கையை அரிப்பதைக் காட்டும் அந்தச் சர்வதேசக் குறியீட்டைக் கட்டாயம் போடுங்கள், ஆனால் அதைப் ‘பயன்படுத்திய பின் கை கழுவவும்’ என்று வாசித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகளிடம் இன்னும் வேடிக்கை: மண்டையோட்டுக் குறி கடற்கொள்ளையரை நினைவூட்டுகிறது என்பதால்தான், 1971-இல் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை நஞ்சுகளுக்காக நாக்கை நீட்டி முகம் சுளிக்கும் ஒரு பச்சை முகத்தை உருவாக்கியது.

அச்சுக்கு அனுப்புமுன் சோதியுங்கள். உங்கள் தொழிற்சாலைக்குத் தொடர்பில்லாத சிலரிடம் டப்பாவை ஐந்து விநாடி கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். ‘அடைப்பு இருக்கிறது, இதை வைத்து என்ன செய்வீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். விடைகளை மூன்றாகப் பிரியுங்கள்: சரி, தெரியவில்லை, நேர்மாறு. ஏஎன்எஸ்ஐ தரநிலை படக்குறிகளுக்கு 85 விழுக்காட்டினர் சரியாகவும், நேர்மாறாகப் புரிந்துகொள்பவர் 5 விழுக்காட்டுக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும் என்கிறது. வாசகத்துக்கும் அதே அளவை நான் கடன் வாங்கிக்கொள்கிறேன். ‘தெரியவில்லை’ என்பவர் மறுபடி டப்பாவைத் திருப்பிப் பார்ப்பார். ‘வெந்நீர்தானே ஊற்ற வேண்டும்’ என்பவர் பார்க்க மாட்டார். ‘சுடுநீர் முகத்தில் தெறிக்கும்’ என்ற என் முதல் வடிவம் இப்படித்தான் தோற்றது: ‘சுடுநீர் தெறித்தால் சுடும், பார்த்து ஊற்றணும்’ என்று ஒரு பெண்மணி நிதானமாக விளக்கினார். தெறிப்பது வெறும் நீர் என்று அவர் நினைத்தார். ‘பட்டால் சீறித் தெறிக்கும்’ என்று மாற்றி, மேல் வரியில் ‘அரிக்கும்’ என்பதையும் வைத்த பிறகுதான் அந்தப் புரிதல் மாறியது.

உங்கள் நாட்டின் சட்டம் குறிப்பிட்ட சொற்றொடர்களை அப்படியே அச்சிடச் சொன்னால் அவற்றைச் சுருக்க உங்களுக்கு உரிமை இல்லை. அவற்றைச் சட்டம் சொல்லும் இடத்தில், சொல்லும் அளவில் முழுமையாக வைத்து, மேலே எழுதிய நான்கு வரிகளை அவற்றுக்கு முரணில்லாமல் தனியாகச் சேருங்கள். ‘நிறுவனம் பொறுப்பாகாது’ என்ற வரி எச்சரிக்கைக் கட்டத்துக்குள் இருக்கவே கூடாது. அதைப் பார்த்ததும் வாசகர் ‘இது வக்கீலுக்காக எழுதியது’ என்று முடிவு செய்து கட்டம் முழுவதையும் தாண்டிப் போகிறார்.

‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்ற வரியை நான் முன்பக்கத்தில் வைக்காததைக் கவனித்திருப்பீர்கள். சட்டம் கேட்டால் அது அதற்குரிய இடத்தில் இருக்கட்டும். ஆனால் படிக்கத் தெரியாத குழந்தையை வாசகம் தடுக்காது, அழுத்தித் திருப்பினால் மட்டும் திறக்கும் மூடிதான் தடுக்கும். அந்த மூடி இப்போது உங்கள் டப்பாவில் இல்லை என்றால், லேபிளுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அதற்குச் செலவிடுங்கள்.